சீமையிலிருந்து வந்த பதினோரு வரி
(நூலக மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச வருகிறவன் ஷேக்ஸ்பியரையோ டால்ஸ்டாயையோ கையில் எடுத்துக்கொண்டு வருவான் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் கொண்டுவந்திருப்பது, சென்ற பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், லால்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில், ஒரு குடியானவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் தமிழாக்கிக் கொடுக்கும்படி நேர்ந்த, பதினோரு வரிகளே கொண்ட ஓர் ஆங்கிலச் சேதிதான். முப்பது வருஷம் தமிழாசிரியனாக இருந்து, மாணவர்களுக்கு எத்தனையோ மொழிபெயர்ப்புப் பயிற்சிகள் கொடுத்தவன் நான். அந்தப் பதினோரு வரி எனக்குக் கொடுத்த உழைப்பை அவற்றுள் எதுவும் கொடுத்ததில்லை.

அந்த வீட்டுப் பையன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் மேற்படிப்புப் படிக்கிறான். தகப்பனார் எட்டாம் வகுப்பு, தாயார் ஐந்தாம் வகுப்பு. பையன் தமிழ் பேசினால் கேட்டுக்கொண்டேயிருக்கலாம். எழுதச் சொன்னால், ஆரம்பமுதல் ஆங்கிலத்திலேயே படித்த பிள்ளையாதலால், செருப்பில்லாமல் சரளைக்கல்லில் நடப்பவனைப்போலத் தவித்துப்போவான். பேசிவிடலாமே என்றால், அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் தாயார் கண்டுபிடித்துவிடுவாளென்று அவனுக்குத் தெரியும். ஆகவே, தனக்கு வந்து போன காய்ச்சலைப் பற்றி, யாரும் பதறாதபடி, கைக்கு எளிதாக வந்த ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்து வீட்டுக் காலேஜ் மாணவனைப் படித்துச் சொல்லும்படி ஏற்பாடு செய்திருந்தான். ஏற்பாட்டில் குற்றமில்லை. ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. தாயார் தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். தகப்பனார் கடவுச்சீட்டு எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாணவன் படித்துச் சொன்னது இதுதான்: "போன வாரம் எனக்குக் காய்ச்சல். முப்பத்தொன்பது டிகிரி. திங்கட்கிழமை சர்ஜரிக்குப் போனேன்."

சபையோர்களே, அந்த மாணவன் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. சர்ஜரி என்று எழுதியிருந்தது, சர்ஜரி என்றே படித்தான். நம் நாட்டில் அந்தச் சொல்லுக்குக் கத்தி என்ற ஒரே அர்த்தந்தான் உண்டு. இங்கிலாந்திலோ, குடும்ப வைத்தியர் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கே அந்தப் பெயர். சளிக்கு மருந்து கேட்கப் போகிறவனும் "சர்ஜரிக்குப் போகிறேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறான். பையன் அந்த ஊரில் ஐந்து மாதம் இருந்து அந்த வழக்கைப் பிடித்துக்கொண்டுவிட்டான். தான் பிடித்துக்கொண்டதை அவனே கவனிக்கவில்லை. நாம் தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகிறோம். ஆனால் தெரிந்த சொல் வேறு வேஷத்தில் வரும்போதுதான் ஏமாந்துபோகிறோம்.

முப்பத்தொன்பதின் கதை வேறு. நம் கிராமத்தில் ஜுரமென்றால் நூறு, நூற்றிரண்டு என்று ஃபாரன்ஹீட் கணக்கில்தான் சொல்லுவார்கள். சாதாரண உடம்புக்கு 98 என்பது அந்தத் தகப்பனாருக்கும் தெரியும். "முப்பத்தொன்பதுன்னா உடம்பு ஜில்லிட்டுல்ல போயிருக்கும்?" என்று அவர் என்னைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்ததென்றாலும், அவருடைய தர்க்கத்தில் பிழை காண முடியவில்லை. அங்கே சென்டிகிரேட் கணக்கு. 39 என்பது நம்முடைய 102. மூன்று நாள் அடித்து ஓய்கிற சாதாரண ஜுரம். எண்ணை அப்படியே எழுதுவது யோக்கியமான காரியமென்று தோன்றலாம். ஆனால் அளவுகோலைப் பெயர்க்காமல் எண்ணை மட்டும் கொண்டுவந்தால், உண்மையான எண்ணே பொய்ச் சேதி சொல்லிவிடுகிறது.

பதற்றத்தை ஒருவாறு தணித்துவிட்டு, "முழுவதையும் நான் பேச்சுத் தமிழில் எழுதித் தருகிறேன், அதைப் படிக்கக் கேளுங்கள்" என்று சொல்லிக் கைபேசியை வாங்கிக்கொண்டேன். சேதியை முதலில் புத்தகத் தமிழில் பெயர்த்துப் பார்த்தேன். "நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடந்த வாரம் எனக்குச் சிறிதளவு வெப்பநிலை இருந்தது. ஆனால் தயவுசெய்து கவலைப்பட வேண்டாம். என்னுடன் வசிக்கும் நண்பர் எனக்கு சூப் தயாரித்துக் கொடுத்தார். இப்பொழுது மிகவும் மேம்பட்டதாக உணர்கிறேன். உங்கள் இருவருடைய இன்மையையும் உணர்கிறேன்." இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் இப்படி ஒரு கடிதம் வந்தால், பையனுக்கு மூளையில் ஏதோ ஆகிவிட்டதென்று அந்தத் தாயார் நினைத்திருப்பாள்.

எழுதுவதற்கு ஒரு தமிழும் பேசுவதற்கு ஒரு தமிழும் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். இத்தகைய இரட்டை வழக்கைப் பற்றி 1959இல் ஃபெர்குசன் என்ற மொழியியல் அறிஞர் எழுதிய கட்டுரை பிரசித்தமானது. அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைட்டி நாட்டின் கிரியோல் ஆகிய நான்கையும் அவர் முக்கிய உதாரணமாக எடுத்துக்கொண்டார். நம் தமிழும் அந்தக் குடும்பத்துச் சங்கதிதான். மு. வரதராசனார் 'அன்னைக்கு' என்று ஒரு மகன் தாய்க்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு நூல் செய்தார். அது எழுத்துத் தமிழில் இருப்பதுதான் அதற்கு அழகு, ஏனென்றால் அது உண்மையில் நாட்டுக்கு எழுதிய கடிதம். காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளை தாய்க்கு எழுதுவது வேறு. "உணர்கிறேன்" என்ற சொல்லை எந்தத் தாயும் தன் பிள்ளை வாயால் கேட்டதில்லை. கேளாத சொல்லில் பிள்ளையின் குரல் கேட்காது.

சரி, பேச்சுத் தமிழில் எழுதுவதென்றால் 'இருக்கிறேன்' என்பதை 'இருக்கேன்' என்று சுருக்குவதோடு காரியம் முடிந்துவிடுகிறதா? நானும் அப்படி எண்ணித்தான் பேனாவைத் திறந்தேன்.

முதல் சிக்கல், சேதியின் வரிசையிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் "எனக்குக் காய்ச்சல் வந்தது, ஆனால் இப்போது தேவலை" என்று எழுதுவது சகஜம். படிக்கிறவன் கண் ஒரே பார்வையில் இரண்டையும் அள்ளிக்கொள்கிறது. இங்கேயோ ஒருவர் படிக்க மற்றவர் கேட்கிறார்கள். காதுக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் போய்ச் சேரும். 'காய்ச்சல்' என்ற சொல் விழுந்த பிறகு 'தேவலை' என்பது வந்து சேர்வதற்குள் ஒரு தாயின் மனம் எத்தனை தூரம் ஓடிவிடும்! ஆகையால் தேறியதை முதலில் சொல்லி, அதற்குப் பிறகே காய்ச்சலைப் பிரஸ்தாபிக்க வேண்டும். அப்படிப் பிரஸ்தாபிக்கும்போது தமிழ் வாக்கியம் நமக்கு ஓர் உபகாரம் செய்கிறது. நம் வாக்கியத்தில் முற்றாக நிற்கும் வினைதான் சேதி. அதற்கு முன்னால் எச்சமாக வருவதெல்லாம் முடிந்துபோன சங்கதி. "போன வாரம் ஜுரம் வந்துச்சு" என்றால் ஜுரம் வந்தது சேதி. "போன வாரம் வந்த ஜுரம் விட்டுடுச்சு" என்றால் விட்டதுதான் சேதி. வந்தது பெயரெச்சமாகி ஓரத்தில் ஒதுங்கிப்போகிறது. ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை, இடந்தான் மாறிற்று.

அந்த 'விட்டுடுச்சு' என்பதிலுள்ள 'விடு' என்ற துணைவினையைச் சற்று நின்று கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். "சாப்பிட்டேன்" என்கிறவன் ஒரு தகவல் சொல்கிறான். "சாப்பிட்டுட்டேன்" என்கிறவனோ, நீங்கள் எதை நினைத்துக் கவலைப்பட்டீர்களோ அந்தக் காரியம் முடிந்துபோயிற்று, இனி அதைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை என்று கதவைச் சாத்துகிறான். ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் கிடையாது. ஆகவே மூலத்தில் தேடினால் அகப்படாது. ஆயினும் ஆறுதல் சொல்லும் பேச்சுத் தமிழில் முக்கால் பங்கு வேலையை இந்த ஒரு 'விடு'வே செய்கிறது: சரியாயிடுச்சு, சொல்லிட்டாங்க, எறங்கிடுச்சு.

இதற்கு நேர் விரோதமாக ஒரு சிறிய இடைச்சொல் இருக்கிறது, அது 'தான்'. "நல்லா இருக்கேன்" என்று பிள்ளை எழுதினால் தாயார் தூங்கப் போவாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுதினால் அன்றிரவு தூக்கம் கிடையாது. உடம்பு நல்லாத்தான் இருக்கிறதென்றால், நன்றாக இல்லாதது வேறெது என்று அவள் தேட ஆரம்பித்துவிடுவாள். மூலத்தில் அவன் தன் தேறுதலை அழுத்திச் சொல்லியிருந்தான். அழுத்தத்துக்கு நம் மொழியில் 'தான்' போடுவதென்பது பள்ளிக்கூடத்தில் நானே சொல்லிக்கொடுத்த பாடம். என் முதல் பிரதியில் அதைப் போட்டும் விட்டேன். உரக்கப் படித்துப் பார்த்தபோதுதான் காது உறுத்தியது, அடித்துவிட்டேன்.

"பயப்படாதீங்க" என்பதையும் அடித்தேன். நன்னூலார் தகுதி வழக்கு மூன்றில் மங்கலம் என்று ஒன்றைச் சொல்கிறார். சுடுகாட்டை நன்காடு என்பதும், ஓலையைத் திருமுகம் என்பதும் அதற்கு நாம் காட்டும் உதாரணங்கள். இன்றைக்கும் நம் வீடுகளில் வெளியே கிளம்புகிறவன் "போறேன்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லுகிறான். அந்த மனோபாவம் உள்ள வீட்டில் 'பயம்' என்ற சொல்லை உச்சரித்து அதற்குப் பின்னால் எதிர்மறையைக் கட்டினால், எதிர்மறை உதிர்ந்துபோய்ப் பயம் மட்டும் தங்கிவிடும். அதற்குப் பதிலாக எதை வைப்பது? பயம் தெளிவதற்கு வேண்டியது தெளிந்த விவரம். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாரா, ஊசி போட்டாரா, இன்றைக்குப் பையன் என்ன சாப்பிட்டான் என்பவை. ஆனால் அந்த விவரங்கள் மூலத்தில் இல்லை. இல்லாததை நானாகக் கற்பித்து எழுதுவதற்கு எனக்கு என்ன அதிகாரம்? நல்லெண்ணத்தால் சொல்லும் பொய்யும், அடுத்த தடவை தாயார் பேசும்போது வெளிப்பட்டுவிடும். பிறகு அந்தப் பிள்ளை எழுதும் எந்த வரியையும் அவள் நம்பமாட்டாள். ஆகவே நான் வாசலுக்கு வந்து, பையனுக்கே சில கேள்விகளை எழுதி அனுப்பினேன். அரைமணி நேரத்தில் பதில் வந்துவிட்டது.

அந்த அரைமணியின் அருமை பழைய நாளை நினைத்தால்தான் தெரியும். 1914ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 17ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கணிதமேதை ராமானுஜன் லண்டன் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 14ஆம் தேதி. கேம்பிரிட்ஜில் அவர் சுகவீனமாய்ப் படுத்த காலத்தில், கும்பகோணத்துத் தாயாருக்குக் கடலைத் தாண்டி வரும் கடிதத்தில் "இப்போது" என்ற சொல் இருந்திருந்தால், அது வாரக்கணக்கில் பழசாகிப்போன இப்போது. அந்நாளைய மொழிபெயர்ப்பாளன் எவனுக்கும் இப்படித் திண்ணையிலிருந்தபடியே மூலகர்த்தாவைக் கேட்டுக்கொள்ளும் பாக்கியம் வாய்த்திருக்காது.

நான் கேட்டவற்றுள் ஒரு கேள்வி கொஞ்சம் சங்கடமானது. ஆங்கில மூலத்தில், தன்னோடு தங்கியிருப்பவர் சூப் வைத்துக் கொடுத்ததாக எழுதியிருந்தான். அந்த ஆங்கிலச் சொல்லில் ஆணா பெண்ணா என்பது தெரியாது. தமிழிலோ வினைமுற்றுக்கு வரும்போது 'கொடுத்தான்', 'கொடுத்தாள்' என்று தெரிவித்தே தீரவேண்டும். அவனைக் கேட்டதற்கு, மற்றக் கேள்விகளுக்கெல்லாம் உடனே பதிலெழுதியவன், இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுத்து, "கூட இருக்கிறவங்கன்னே போட்டுடுங்க சார்" என்று எழுதினான். மரியாதைப் பன்மையை நம் முன்னோர் வேறு காரணத்துக்காக உண்டாக்கினார்கள் போலும். அது இதற்கும் உதவுகிறது. நானும் அப்படியே போட்டேன். சூப் என்பதை மாத்திரம் மாற்றவில்லை. ரசம் என்றோ கஞ்சி என்றோ எழுதினால் அன்னியோன்னியமாக இருக்குமென்று ஒரு சபலம் தோன்றியது உண்மை, ஆனால் "லீட்ஸில் யார் ரசம் வைத்தது?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மரியாதையைச் சொன்னேன், முன்னிலையிலும் ஒரு பிரச்னை உண்டு. ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல். அந்த வீட்டில் பையன் தாயாரை 'நீ' என்றும் தகப்பனாரை 'நீங்க' என்றும் கூப்பிடுகிறவன். இருவரையும் சேர்த்து 'நீங்க' என்று எழுதிவிட்டால் இலக்கணம் சரிதான், ஆனால் தாயாருக்குத் தன்னிடம் யாரும் பேசாததுபோல இருக்கும். ஆகவே ஒரு வாக்கியத்தைத் தாயாருக்கும் ஒரு வாக்கியத்தைத் தகப்பனாருக்குமாகப் பிரித்துக் கொடுத்தேன். கொங்கு நாட்டுப் பிள்ளையாயிருந்தால் 'ங்க' வேறு சேர்ந்து "சாப்பிட்டனுங்கப்பா" என்றிருக்கும். இது காவேரிக்கரை, இங்கே அது பொருந்தாது.

மிச்சமிருந்தது, கடைசி வரியிலிருந்த அன்பு. 'இன்மையை உணர்கிறேன்' என்பதற்குப் பட்டணத்துப் பிள்ளைகள் 'மிஸ் பண்றேன்' என்று ஒரு கலப்புச் சொல் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. "உங்க நெனப்பாவே இருக்கு" என்பது நல்ல தமிழ். ஆனால் படுத்து எழுந்தவன் அதைச் சொன்னால் தாயார் அன்றைக்கே அவனைத் திரும்பி வரச்சொல்லிவிடுவாள். படுத்திருந்தபோது வீட்டை நினைத்தாயா, எதை நினைத்தாய் என்று அவனையே கேட்டேன். மிளகு ரசத்தை என்றான். போதும். அன்பு என்ற சொல்லுக்கு நான் எந்தத் தமிழும் போடவில்லை; நம் குடும்பங்களில் அது ஒரு கேள்வியாகத்தான் வரும். அப்பாவின் முட்டிவலியைப் பற்றி அவன் கேட்கச் சொன்னது அந்த இடத்துக்குப் போயிற்று. ஆரம்பத்திலிருந்த "நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்பதும் அதோடு சேர்ந்து கேள்வியாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு நான் எழுதிப் படித்தது இது:

"அம்மா, அப்பா, நான் நல்லா இருக்கேன். ஒடம்பு சரியாயிடுச்சு. போன வாரம் வந்த ஜுரம் முந்தாநாளே விட்டுடுச்சும்மா; நூத்திரண்டு வரைக்கும் போயிட்டு எறங்கிடுச்சு. திங்கக்கிழமை இங்க பக்கத்துல இருக்கிற டாக்டரைப் போயிப் பாத்தேன். நெஞ்சுல குழாய் வச்சுப் பாத்துட்டு, சளி ஒண்ணும் எறங்கலை, இந்தக் குளிருல எல்லாருக்கும் வர்ற வைரஸ் காய்ச்சல்னு சொல்லிட்டாங்க. ஊசிகூடப் போடலை, மாத்திரை மட்டும் போட்டுக்கச் சொன்னாங்க. கூடத் தங்கியிருக்கிறவங்க மூணு நாளும் சூடா சூப்பு வச்சுக் கொடுத்தாங்க. இன்னைக்கு நானே எந்திரிச்சு, சோறு வடிச்சு, தயிர் ஊத்திச் சாப்பிட்டுட்டேன். ரெண்டு கிளாஸ் போகலை. முன்னாடியே சொல்லி லீவு வாங்கிட்டேன். படுத்திருந்தப்ப உன் மொளகு ரசம் ஞாபகம் வந்துச்சும்மா. அப்பா, ஒங்க முட்டிவலி எப்படிப்பா இருக்கு? தைலம் தேச்சுக்கிறீங்களா? தொண்டை இன்னும் கட்டியிருக்கு, அதான் பேசாம எழுதறேன். ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரெண்டரை மணிக்குக் கூப்பிடறேன். சாப்பிட்டுட்டு இருங்க."

ரெண்டரை மணி என்பதற்கு ஒரு வார்த்தை. அவன் எழுதியிருந்தது காலை 9 மணி. குளிர்காலத்தில் அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. மார்ச்சுக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்துவிட்ட பிறகு நாலரை. காலை ஒன்பதென்று அப்படியே படித்திருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து ரெண்டரை வரையில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்குமென்று நான் விவரிக்க வேண்டியதில்லை. தொண்டைக் கட்டைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். சொல்லாவிட்டால், ஏன் பேசவில்லை என்ற கேள்வி ஞாயிற்றுக்கிழமை வரையில் அவளைத் தின்றுகொண்டிருக்கும். ஆகவே ஜுரம் விட்டதற்கும், தயிர்ச்சோறு சாப்பிட்டதற்கும், முட்டிவலிக்கும் பின்னால், எல்லோரும் இளகியிருக்கிற இடத்தில் அதை வைத்தேன். தொண்டை கட்டியிருக்கிறவன் தயிர் சாப்பிடலாமா என்று தாயார் கேட்பாளென்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவன் தின்றது தயிர்ச்சோறு. அதை மாற்ற நான் யார்?

தகப்பனார் முழுவதையும் கேட்டுவிட்டு, "ரெண்டரைக்கா? அப்ப கரண்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். தாயார் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். தயிரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரைப் பற்றியும் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் எழுந்து போனவள், நிலைப்படியில் நின்று திரும்பி, ரொம்ப நிதானமாக என்னைக் கேட்டாள்:

"அந்த சூப்பு வச்சுக் குடுத்த புள்ள, எந்த ஊராம் சார்?"